டெல்டா கணக்குக்கு மேல் ஏன் நஷ்டம்?

“மார்த்தாண்டத்தில் இருந்து எழுதுகிறேன். எக்ஸ்பைரி அன்று மதியம் 2 மணிக்கு நிஃப்டி 24,480. 24,500 கால் ஆப்ஷனை 27 ரூபாய்க்கு விற்றேன், டெல்டா 0.41, அதாவது நிஃப்டி ஒரு பாயின்ட் ஏறினால் ஆப்ஷன் 41 பைசா ஏறும். கொஞ்ச நேரத்தில் 60 பாயின்ட் ஏறியது. 25 ரூபாய்தானே கூட வேண்டும்? 59 ஆகிவிட்டது. ஏன்?”

அண்ணா, 0.41 என்பது 24,480-ல் இருந்த டெல்டா. 24,540-க்குப் போனபோது அது 0.67 பக்கம் வந்திருக்கும். போகிற வழியிலேயே டெல்டா மாறுகிறதே, அந்த வேகம்தான் காமா. உங்களுக்கு அது சுமார் 0.0043. நகர்வின் வர்க்கத்தில் பாதியை இதனால் பெருக்குங்கள்: 1,800 × 0.0043, கிட்டத்தட்ட 8 ரூபாய். டெல்டாவின் 25-ஐயும், நீங்கள் விற்ற 27-ஐயும் கூட்டினால் 60, உங்கள் 59-க்குக் கணக்கு கிட்டத்தட்ட சரியாகிவிடும்.

இதையே ஐந்து நாள் முன்னால் விற்றிருந்தால் காமா 0.001 அளவில்தான் இருக்கும், கூடுதல் அடி 2 ரூபாய்க்குள் முடியும். நேரம் குறையக் குறைய ஸ்ட்ரைக் பக்கத்தில் மட்டும் காமா இப்படிக் குவியும். 200 பாயின்ட் தள்ளி விற்றவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஃபியூச்சர் வாங்கிச் சமாளிக்கலாம் என்று பார்க்காதீர்கள். ஏறினால் வாங்கி, இறங்கினால் விற்று, ஒவ்வொரு சுற்றிலும் கை கடிக்கும். நானாக இருந்தால் 24,500 தொட்டதுமே 36 ரூபாய் பக்கம் மூடியிருப்பேன். அல்லது விற்கும்போதே 24,600 கால் ஆப்ஷனை நாலு ரூபாய்க்கு வாங்கி வைப்பேன். தக்கலையில் மழை பெய்தால் நெட் போய்விடும், அதனால் எனக்கு இரண்டாவதுதான் வசதி.