முடியோரத்தில் ஒட்டி நிற்கும் பச்சை

*வணக்கம் ஐயா. மகளின் பரதநாட்டியத்தைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்திக் கைப்பேசியில் 1080பி-யில் பிடித்தேன். துணியில் சுருக்கமில்லை, வெளிச்சமும் சீராக இருக்கிறது. ஆனால் பச்சையை நீக்கியதும் நெற்றியோர முடி பாதி காணாமல் போகிறது, மீதி பச்சையாக நிற்கிறது. அரக்குப் புடவையின் ஓரமும் படிக்கட்டு மாதிரி வெட்டுப்படுகிறது. விளக்கை மாற்றி வைத்தும் பயனில்லை. கோளாறு எங்கே?*

*வாசகி, பட்டர்வொர்த்*

அன்புள்ள வாசகிக்கு,

துணியின் பச்சை வெளிச்சம் உடம்பில் தெறித்திருந்தால் கன்னம், தோள் என்று அகலமாகப் படரும். படிக்கட்டாக வெட்டுப்படாது. படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். படிகள் இரண்டிரண்டு பிக்சலாக இருந்தால், காரணம் கைப்பேசி நிறத்தைச் சேமிக்கும் விதம்.

கைப்பேசி வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பதிகிறது. வெளிச்சம் ஒவ்வொரு பிக்சலுக்கும் உண்டு. நிறமோ நான்கு பிக்சல் கொண்ட ஒரு சதுரத்துக்கு ஒன்றுதான். இதைத்தான் 4:2:0 குரோமா சப்சாம்பிளிங் என்கிறார்கள். உங்கள் 1920×1080 படத்துக்குள் இருக்கும் நிறப்படம் வெறும் 960×540. ffmpeg என்ற இலவசக் காணொளி நிரலில் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்:

```
ffmpeg -ss 5 -i clip.mp4 -vf extractplanes=v -frames:v 1 v.png
```

பார்வையாளரின் கண் இதைக் கண்டுகொள்வதில்லை. பச்சையை நீக்கும் கீயர் அப்படியல்ல, அது முழுக்க நிறத்தை நம்பி வேலை செய்வது.

ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு பிக்சல் துணி, இரண்டு பிக்சல் முடி. துணியின் சிவப்பு, பச்சை, நீல அளவு 60, 160, 70 என்றும் முடி 20, 20, 20 என்றும் இருக்கட்டும். பச்சை மற்ற இரண்டையும் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் கீயர் பார்க்கும் எண். துணியில் அது 90, முடியில் 0. இந்த இடைவெளி இருந்தால் எந்தக் கீயரும் திணறாது. ஆனால் நால்வருக்கும் ஒரே நிறம் என்று சராசரியாக்கிச் சேமித்த பிறகு, துணி ஏறக்குறைய 96, 146, 101 ஆகவும் முடி 0, 34, 0 ஆகவும் திரும்பி வருகின்றன. இப்போது துணி 45, முடி 34. எங்கே கோடு போட்டாலும் ஒன்று முடி போகும், அல்லது துணி மிஞ்சும். விளக்கை மாற்றியும் சரியாகாததற்குக் காரணம் இதுதான்.

அரக்கும் பச்சையும் நிறக் கணக்கில் எதிரெதிர்ப் பக்கம் நிற்பவை. சராசரி எடுத்தால் இரண்டுமில்லாத ஒரு சேற்று நிறம் கிடைக்கிறது. புடவையோரத்தில் நிகழ்வது அதுவே. அரக்கு மேல் ஓடும் மெல்லிய ஜரிகைக்கும் இந்தக் கதிதான்: இழையின் மினுக்கம் கூர்மையாக இருக்கும், அதன் பொன்னிறம் மட்டும் அரக்கில் கரைந்திருக்கும்.

அடுத்த முறை 4கே-யில் பிடித்து 1080-க்குச் சுருக்குங்கள். 3840×2160 படத்தின் நிறப்படம் 1920×1080. ஆகவே, சுருக்கிய பின் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறம் கிடைத்துவிடும்:

```
ffmpeg -i clip4k.mp4 -vf scale=1920:1080:flags=lanczos -pix_fmt yuv444p10le -c:v prores_ks -profile:v 4 -c:a copy out.mov
```

நிமிர்த்திப் பிடித்த காணொளி என்றால் எண்களை 1080:1920 என்று மாற்றுங்கள். `-pix_fmt` பகுதியை விட்டுவிடாதீர்கள், அதில்தான் விஷயமே இருக்கிறது. பழைய 1080பி கோப்பை இதே கட்டளையில் போட்டால் கோப்பு பெருக்கும், நிறம் கூடாது. டிஜிட்டல் ஸூம் வேண்டாம். கோப்பை வாட்ஸ்அப்பில் சாதாரணக் காணொளியாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும். கேபிள் வழியாக எடுங்கள். இத்தனைக்குப் பிறகும் கைப்பேசியின் கோப்புச் சுருக்கம் நிறத்தில் கொஞ்சம் கைவைத்திருக்கும். குறைந்த வெளிச்சத்தில் அது நன்றாகத் தெரியும்.

ஏற்கெனவே பிடித்ததை மறுபடி ஆடவைக்க வேண்டியதில்லை. மேலே பார்த்த கணக்கில் வெளிச்சம் கெடவில்லை: சிவப்பு, பச்சை, நீலத்தை உரிய விகிதத்தில் கூட்டினால் வெளிச்சம் முடிக்கு 20, துணிக்கு 132, இரண்டும் அப்படியே இருக்கின்றன. எனவே நெற்றியோர முடியைச் சுற்றி மட்டும் ஒரு மாஸ்க் வரைந்து, அந்தப் பட்டைக்குள் வெளிச்சத்தை வைத்துக் கீ எடுங்கள். மற்ற இடங்களுக்கு வழக்கமான பச்சைக் கீ போதும், அதற்கு முன் நிறத்தை மட்டும் ஒன்று அல்லது இரண்டு பிக்சல் மங்கலாக்கினால் படிக்கட்டு அடங்கும். கடைசியாக, ஒட்டி நிற்கும் பச்சையைக் குறைக்கும் டீஸ்பில் போட்டால் 0, 34, 0 கறுப்பாகிவிடும். டீஸ்பில் நிறத்தைத்தான் திருத்தும், காணாமல் போன முடியைக் கொண்டுவராது; அதனால் வெளிச்சக் கீ முதலில்.

இந்த வழி தலையில் சூடிய மல்லிகைக்கும் உதவும், அது துணியைவிட வெளிச்சம் கூடியது, வரம்பை மேலிருந்து வைக்கவேண்டும். ஜரிகைக்கு உதவாது. பொன்னிறமும் விளக்கடித்த பச்சையும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நிற்கும். அந்த ஓரத்தைக் கையால்தான் வரையவேண்டும்.