கணவருக்கு 98, மனைவிக்கு 138: நடையும் நாடியும் – கேள்வி பதில்

இதய மறுவாழ்வுப் பிரிவில் இருபது ஆண்டுகளாக நோயாளிகளை நடக்க வைப்பது என் தொழில். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றையே சுற்றி வருகின்றன. சிலருக்கு நீளமாகவும் சிலருக்கு ஒரு வரியிலும் பதில் சொல்கிறேன்.

நானும் கணவரும் ஒரே வேகத்தில், மணிக்கு 5 கிலோமீட்டர், நடக்கிறோம். அவர் நாடி 98. என் நாடி 138. எனக்கு 46 வயது, 88 கிலோ. அவருக்கு 50 வயது, 62 கிலோ. என் இதயம் பலவீனமா? – திருச்சி வாசகி

இந்த எண்களை மட்டும் வைத்துப் பலவீனம் என்று சொல்ல முடியாது அம்மா. உங்கள் இதயம் அவருடையதைவிட அதிக வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கும் உடலுக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வேண்டும். ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் இந்தக் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றே. மொத்தத்தில்தான் வித்தியாசம் வருகிறது. அவருக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போதும், உங்களுக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டும். அதைச் சுமந்து போவது இரத்தம், இரத்தத்தைத் தள்ளுவது இதயம்.

இனி அடுத்த பாதி. உடலில் கொழுப்பு கூடினால் சுமை கூடுகிறது. ஆனால் ஆக்சிஜனைக் கொண்டு சேர்க்கும் உச்சத் திறன் அதே அளவுக்குக் கூடுவதில்லை. அந்தத் திறனைத் தீர்மானிப்பவை இதயம், இரத்தத்தின் அளவு, கால் தசை, பயிற்சி. நீங்கள் தந்த எண்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் பார்த்தேன். அவருடைய உச்சத் திறன் நிமிடத்துக்கு 2.2 லிட்டர் அளவிலும், உங்களுடையது 1.5 லிட்டர் அளவிலும் இருக்கலாம். இது உத்தேசம்தான். ஆக, அதே நடை அவர் திறனில் மூன்றில் ஒரு பங்கையும் உங்கள் திறனில் மூன்றில் இரண்டு பங்கையும் எடுத்துக்கொள்கிறது. நாடி அந்தப் பங்கைத்தான் காட்டுகிறது. வேகத்தை அதற்குத் தெரியாது.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. இந்த 40 துடிப்பு வித்தியாசம் முழுவதையும் எடையின் தலையில் கட்ட வேண்டாம். பெண்களின் இதயம் பொதுவாகச் சிறியது, ஹீமோகுளோபினும் ஆண்களைவிடக் குறைவு. ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்து இரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தவறவிட்டு எடையையே குறை சொல்லிக்கொண்டு வருபவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

அப்படியானால் நான் எந்த நாடியை இலக்காக வைப்பது? – அதே வாசகி

காலையில் படுக்கையை விட்டு எழுமுன் மூன்று நாள் எண்ணி, சராசரி 80 வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் அடித்தளம். உச்ச நாடிக்கு 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழியுங்கள், உங்களுக்கு 176 வரும். இரண்டுக்கும் இடையில் 96 துடிப்பு இருக்கிறது. மிதமான உழைப்பு என்பது அந்த இடைவெளியில் 40 முதல் 60 விழுக்காடு. அடித்தளத்தோடு கூட்டினால் 118 முதல் 138 வரை.

அதாவது கணவருக்கு உலாவலாக இருக்கும் நடை உங்களை மேல் எல்லையிலேயே நிறுத்துகிறது. மூச்சு வாங்கினாலும் அவரை விடாமல் துரத்துகிறீர்கள், மூன்றாம் வாரம் முழங்கால் வலி என்று நின்றுவிடுகிறீர்கள். இதை நான் கணவன் மனைவி நடை என்று சொல்வேன். என் பிரிவில் முதல் எச்சரிக்கையே அதுதான். ஒன்றாகக் கிளம்புங்கள், ஒன்றாகத் திரும்புங்கள், நடுவில் தனித்தனியாக நடங்கள்.

மணிக்கு 4 கிலோமீட்டரில் உங்கள் நாடி 125-ஐ ஒட்டி நிற்க வேண்டும். முதல் நான்கு வாரம் அந்த வேகத்தில் பத்துப் பத்து நிமிடமாக, நாளுக்கு மூன்று தடவை. பிறகு வேகத்தைத் தொடாமல் நேரத்தை மட்டும் நீட்டுங்கள். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட முடிந்தால் சற்று மெதுவாக நடக்கிறீர்கள் என்று பொருள்.

எடைக் கருவி வேண்டாம். எட்டு வாரம் கழித்து அதே தெருவில், அதே நேரத்தில், அதே 5 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நிமிடம் நடந்து நாடியை எண்ணுங்கள். 138 இருந்த இடத்தில் 130 வந்தால் அதுதான் முன்னேற்றம். 5 கிலோ குறைந்தால் சுமைக் கணக்கில் மூன்று நான்கு துடிப்புதான் இறங்கும். மீதி இறங்கியிருந்தால் அது பயிற்சியின் கூலி. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளத் தொடங்கியிருக்கிறது. எடை நகராமலே நாடி இறங்கிய ஆட்கள் நிறைய உண்டு, அவர்களிடம்தான் அதிகம் பாராட்டு வாங்குகிறேன்.

220-இலிருந்து வயதைக் கழிப்பதுதானே முறை? ட்ரெட்மில்லில் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது. – சென்னை

ஒட்டியிருக்கட்டும். வயதான ஆட்களுக்கு அது குறைவாகச் சொல்கிறது. நான் சொன்ன கணக்கும் தனி ஆளுக்குப் பத்து துடிப்பு முன்பின்னாகப் போகலாம். அதனால்தான் பேச்சுச் சோதனையையும் சேர்த்துச் சொன்னேன்.

என் கடிகாரத்தில் நடக்கும்போதெல்லாம் 116, 117 என்று அசையாமல் நிற்கிறது. ஸ்திரமான இதயம் என்று எடுத்துக்கொள்ளலாமா? – மதுரை, 58 வயது

ஐயா, அது உங்கள் காலடி எண்ணிக்கையாக இருக்கலாம். நிதானமாக நடப்பவர் நிமிடத்துக்கு 110 முதல் 120 அடி வைப்பார். கை வீசும் தாளத்தையே சில கடிகாரங்கள் நாடி என்று பிடித்துக்கொள்ளும். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டுங்கள். பிறகு நின்றவுடன் கட்டைவிரல் பக்கம் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நின்று ஒரு நிமிடம் கழித்து எண்ணினால் பயனில்லை, அதற்குள் இறங்கிவிடும். கடிகாரமும் விரலும் ஒத்துப்போகாவிட்டால் விரலை நம்புங்கள்.

எந்த நாடியில் கொழுப்பு கரையும்? – ஒன்பது பேர்

ஒன்பது பேருக்கும் ஒரே பதில்: மொத்தம் எவ்வளவு நடந்தீர்கள் என்பதே முக்கியம். மந்திர எண் கிடையாது.

பத்தாயிரம் அடி கட்டாயமா?

இல்லை. 1960-களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது.

அண்ணா, எடை சுமையென்றால் சோதித்துப் பார்க்கலாமே. நான் 64 கிலோ. முதுகில் 20 கிலோ அரிசி மூட்டையோடு நடந்தேன், நாடி 22 துடிப்பு ஏறியது. ஆகக் கொழுப்பும் மூட்டையும் ஒன்றுதான். – கோவைப் பொறியாளர்

தம்பி, பாதி சரி. எடையைக் கூட்டினால் நாடி ஏறும் என்பதை உங்கள் மூட்டை நிரூபித்துவிட்டது. ஆனால் மூட்டை நேற்று வந்தது. உடலில் சேர்ந்த 20 கிலோ பத்தாண்டுகளில் வந்தது. அந்தப் பத்தாண்டுகளில் தொடைத் தசையும் இரத்தத்தின் அளவும் வளர்ந்திருக்கும், இதயமும் சற்றுப் பெரிதாகியிருக்கும். மூட்டை உங்களுக்குத் தசை தரவில்லை, உங்கள் முதுகை வளைத்தது. தொடைகள் உரசுவதால் கால் அகட்டி நடக்கும் செலவும் மூட்டையில் வராது.

மறுக்கிறேன். நான் 92 கிலோ, மூன்று வருடமாகப் பழநிக்குப் பாதயாத்திரை போகிறேன். என்னோடு வரும் 60 கிலோ ஆட்களைவிட என் நாடி குறைவு. எடைக்கும் நாடிக்கும் சம்பந்தமே இல்லை. – திண்டுக்கல்

இதை எதிர்பார்த்தேன். நடந்து நடந்து உங்கள் உச்சத் திறன் வளர்ந்திருக்கிறது. உங்களோடு வரும் 60 கிலோ ஆட்கள் ஆண்டு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு மாலை போட்டவுடன் நடக்கிறவர்களாக இருக்கலாம். பகுதியும் தொகுதியும் போலத்தான். உங்களுக்கு மேலே சுமை பெரிது, கீழே திறனும் பெரிது. எடைக்குச் சம்பந்தம் இல்லை என்பதற்கு இது சான்றாகாது. இதே உடற்பயிற்சியோடு 80 கிலோ இருந்தால் இன்னும் குறைவாகத்தான் இருக்கும்.

அப்படியானால் பருமனான உடலில் கூடுதல் எடை எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்று தெரியாமல் உங்கள் கணக்கும் ஊகம்தானே? – மீண்டும் கோவை

ஊகம்தான், தம்பி. ஆனால் ஆக்சிஜன் தேவைக்கு அந்தப் பிரிவினை வேண்டியதில்லை, மொத்த எடை போதும். திறனுக்குத்தான் வேண்டும். அதைச் சரியாகத் தெரிந்துகொள்ள முகமூடி மாட்டி ட்ரெட்மில்லில் அளக்க வேண்டும். கொழுப்பு சேர்ந்த உடலில் இதயமும் பெரிதாகிறதே, அது நன்மையா தீமையா என்று நீங்கள் அடுத்து கேட்பீர்கள். சில காலம் நன்மை, நெடுங்காலத்தில் தீமை என்பது என் அனுபவக் கருத்து. எந்த ஆண்டில் மாறுகிறது என்று யாரும் கோடு போட முடியாது. மூட்டையை இறக்கி வையுங்கள், இந்தச் சண்டையையும் இதோடு நிறுத்துவோம்.

எந்த நாடியில் கொழுப்பு கரையும்?

பத்தாவது ஆள். மேலே பாருங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரோலால் சாப்பிடுகிறேன். 105 கிலோ இருந்தும் நாடி 100 தாண்டுவதே இல்லை. நான் தகுதியானவன்தானே? – ஈரோடு

அந்த மாத்திரை நாடியைக் கட்டிப் பிடித்திருக்கிறது, அதனால் மேலே சொன்ன எந்த எண்ணும் உங்களுக்குப் பொருந்தாது. பேச்சுச் சோதனை மட்டும் பாருங்கள். 6 முதல் 20 வரை உழைப்பை நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளும் அளவுகோல் ஒன்று உண்டு, அதில் 12, 13-இல் நில்லுங்கள். நாடியை ஏற்றிக் காட்டுகிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிட்டு ஒருவர் என்னிடம் வந்தார். அந்த வேலை மட்டும் வேண்டாம்.

முழங்கால் தேய்மானம். வேகமாக நடக்க முடியவில்லை, நாடியும் ஏறவில்லை. என்ன செய்வது? – சேலம், 97 கிலோ

வேகத்தைக் கூட்டாதீர்கள், சரிவைக் கூட்டுங்கள். மேம்பாலத்தின் ஏற்றத்தில் அல்லது ட்ரெட்மில்லின் ஐந்து ஆறு விழுக்காடு சரிவில் மணிக்கு 3 கிலோமீட்டரே போதும், நாடி தேவையான அளவுக்கு வந்துவிடும். மெதுவாக ஏறும்போது முழங்காலுக்கு விழும் அடி, சமதரையில் வேகமாக நடப்பதைவிடக் குறைவு. இறக்கத்தில்தான் முழங்கால் கெடும். பாலத்தில் ஏறினால் இறங்கும்போது மெதுவாக, குறுகிய அடியாக வையுங்கள்.

மே மாதத்தில் அதே நடைக்கு நாடி 12 துடிப்பு கூடுகிறது. பயிற்சி வீணாகிறதா? – திருச்சி வாசகி, மீண்டும்

வெயில். இரத்தத்தின் ஒரு பங்கு தோலைக் குளிர்விக்கப் போய்விடுகிறது. பருமனான உடல் வெப்பத்தை மெதுவாக விடும், ஆகவே உங்களுக்கு ஏற்றம் இன்னும் அதிகம். எட்டு வாரச் சோதனையை மே மாதத்தில் வைக்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் ஆறு மணிக்கு முன் எண்ணுங்கள், நோட்டில் பக்கத்தில் வெயில் என்று எழுதிவையுங்கள்.

நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100-க்கு மேல் நின்றாலோ, எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இப்படி மூன்று கடிதங்கள் இன்று வந்திருக்கின்றன. அவற்றை இங்கே வெளியிடவில்லை, தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன்.