பாஸ்வேர்டை மாற்றியதும் வைஃபை ஏறவில்லை, சிப் போய்விட்டதா?

கேள்வி: வீட்டு வைஃபை பாஸ்வேர்டை மாற்றினோம். மற்ற இரண்டு போன்களில் புதியதைப் போட்டதும் சரியாகிவிட்டது. என் ஆண்ட்ராய்டு போனில் மட்டும் பெயருக்குக் கீழே Saved என்று நிற்கிறது, கனெக்ட் ஆவதில்லை. பாஸ்வேர்டும் கேட்பதில்லை. சர்வீஸ் கடையில் வைஃபை சிப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குப் போனைக் கழற்ற விடாதீர்கள். முதலில் வீட்டில் இருக்கும் இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள். உங்கள் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அந்த ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்து, ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் சிப் நன்றாக இருக்கிறது, பேச்சு அத்தோடு முடிந்தது. சிப் உண்மையிலேயே போயிருந்தால் வேறு மாதிரி தெரியும்: வைஃபை பட்டனை அழுத்தினால் ஆன் ஆகாது, அல்லது ஆன் ஆகித் தானே அணைந்துவிடும், அல்லது மற்ற போன்களில் நான்கைந்து பெயர்கள் தெரியும் இடத்தில் உங்கள் போனின் பட்டியல் காலியாக இருக்கும். உங்கள் வீட்டுப் பெயர் பட்டியலில் வருகிறது என்றாலே ரூட்டரின் சிக்னல் போனுக்குக் கேட்கிறது என்று அர்த்தம்.

பிறகு ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது? போன் ஒரு நெட்வொர்க்கைச் சேமிக்கும்போது பெயரையும் பாஸ்வேர்டையும் ஜோடியாக வைத்துக்கொள்கிறது. பெயர் மாறவில்லை என்பதால், இது நமக்குத் தெரிந்த இடம்தான் என்று நினைத்துப் பழைய பாஸ்வேர்டையே நீட்டுகிறது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வைஃபையில் பாஸ்வேர்டு காற்றில் அப்படியே போவதில்லை. போனும் ரூட்டரும் தங்களிடம் இருக்கும் பாஸ்வேர்டிலிருந்து ஆளுக்கொரு கணக்குப் போட்டு, விடை ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்கின்றன. ஒத்துப்போகவில்லை என்றால், பெரும்பாலான வீடுகளில் இருக்கும் WPA2 என்ற பாதுகாப்பு முறையில், உன் பாஸ்வேர்டு தப்பு என்று ரூட்டர் சொல்வதில்லை. பதில் தராமல் பேச்சை முறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். சிக்னல் சரியில்லையா, பாஸ்வேர்டு மாறிவிட்டதா என்பதைப் போன்தான் ஊகிக்க வேண்டும். சரியாக ஊகிக்கும் போன்கள் புதிய பாஸ்வேர்டைக் கேட்கின்றன. உங்களுடையது சும்மா இருந்துவிட்டது. சில போன்கள் இரண்டுக்கும் நடுவில் ‘பிரச்சினை’ என்று மொட்டையாக ஏதோ ஒன்றைக் காட்டும்.

எனவே போனிடம் அந்தப் பழைய ஜோடியை மறக்கச் சொல்ல வேண்டும். வைஃபை பட்டியலைத் திறந்து, உங்கள் நெட்வொர்க் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரப் படத்தைத் தொடுங்கள். உள்ளே Forget இருக்கும். சக்கரம் இல்லாத போன்களில் பெயரின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வரும். ஐபோன் வைத்திருப்பவர்கள் பெயருக்கு அருகில் வட்டத்துக்குள் இருக்கும் i எழுத்தைத் தொட்டால் Forget This Network கிடைக்கும். மறந்தபின் பட்டியலில் அதே பெயர் Saved என்ற சொல் இல்லாமல் புதிதாகத் தெரியும். அதைத் தொட்டால் பாஸ்வேர்டு கேட்கும்.

Forget-ஐ அழுத்தும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள். அந்த நெட்வொர்க்குக்கு யாராவது ஐபி முகவரியோ பிராக்ஸியோ கையால் போட்டுக் கொடுத்திருந்தால் அதுவும் சேர்ந்து அழிந்துவிடும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வைஃபையில் பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது. கடையில் யாராவது Reset network settings போடலாம் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு பெயரை மறப்பதற்காகச் சேமித்த எல்லா வைஃபையையும் இழக்கத் தேவையில்லை.

மறந்துவிட்டுப் புதியதைப் போட்டும் ஏறவில்லை என்கிறவர்களில் பலர் தடுக்கி விழுவது தட்டச்சில். எனக்கே நடந்தது. வீட்டில் பாஸ்வேர்டை மாற்றியவர் அதை எனக்கு மெசேஜில் அனுப்பினார். நான் நகலெடுத்து ஒட்டினேன். ஏறவில்லை. மூன்று முறை மறந்து மூன்று முறை ஒட்டினேன். கடைசியில் பாஸ்வேர்டு கட்டத்தில் இருக்கும் கண் படத்தைத் தொட்டுப் பார்த்தால், mazhai என்று தொடங்க வேண்டியது Mazhai என்று இருந்தது. கடைசியில் ஓர் இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. வாக்கியம் தொடங்குகிறது என்று நினைத்து அவருடைய கீபோர்டே முதல் எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறது. பாஸ்வேர்டுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு, கண்ணுக்குத் தெரியாத இடைவெளியும் ஓர் எழுத்துதான். அதனால் ஒட்டாதீர்கள். கண் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கையால் அடியுங்கள். இல்லையென்றால் ஏற்கெனவே கனெக்ட் ஆன ஆண்ட்ராய்டு போனில் அதே நெட்வொர்க்கின் பக்கத்துக்குப் போய் Share-ஐத் தொட்டு, வரும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள், தட்டச்சுக்கே வேலையில்லை. முன்பு அச்சடித்துச் சுவரில் ஒட்டிய கியூஆர் கோடு இருந்தால் கிழித்துவிடுங்கள். அதற்குள் இருப்பது பழைய பாஸ்வேர்டு.

கேள்வி: நாங்களும் பாஸ்வேர்டை மாற்றினோம். கீழே ஹாலில் போன் உடனே கனெக்ட் ஆகிறது. மாடி அறைக்குப் போனால் மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கிறது. Forget செய்து செய்து அலுத்துவிட்டது. மாடியில் ஒரு எக்ஸ்டெண்டர் வைத்திருக்கிறோம், அதனால் இருக்குமா?

பதில்: அதேதான். எக்ஸ்டெண்டர் ரூட்டரின் சிக்னலை வாங்கி, தனக்கென்று பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்துக்கொண்டு தனியாக ஒலிபரப்புகிற பெட்டி. நீங்கள் ரூட்டரில் மாற்றியது அதற்குத் தெரியாது. கீழேயும் மேலேயும் ஒரே பெயர் வைத்திருப்பதால் போனுக்கு இரண்டும் ஒரே நெட்வொர்க்காகத் தெரிகிறது. மாடியில் பலமாகக் கேட்கும் எக்ஸ்டெண்டரிடம் போய்ப் புதிய பாஸ்வேர்டைச் சொல்கிறது, அது ஒப்புக்கொள்வதில்லை.

உறுதி செய்துகொள்ள எக்ஸ்டெண்டரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு அதே அறையில் நின்று பாருங்கள். சிக்னல் ஒரு கோடுதான் இருந்தாலும் போன் கனெக்ட் ஆகிவிட்டால் குற்றவாளி அகப்பட்டாயிற்று. இன்னொரு அடையாளமும் உண்டு. பழைய பாஸ்வேர்டை இன்னும் மறக்காத போன் ஏதாவது இருந்தால், அது மாடியில் ‘கனெக்ட்’ ஆகும், ஆனால் இன்டர்நெட் வராது. எக்ஸ்டெண்டர் அந்தப் பழைய பாஸ்வேர்டை வாங்கிக்கொள்கிறது. ஆனால் அதே பழையதை வைத்துக்கொண்டு ரூட்டரிடம் அதனால் போக முடியவில்லை.

எக்ஸ்டெண்டரின் ரீசெட் துளையில் ஊசியை வைத்து விளக்குகள் மாறும் வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு புதிதாக வாங்கியதைப் போலவே முதலிலிருந்து ரூட்டரோடு இணையுங்கள். இரண்டு பெட்டியிலும், பாஸ்வேர்டு அடிக்காமலே இணைக்கும் WPS பட்டன் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினால் போதும், பல மாடல்கள் ரூட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் தாங்களே நகலெடுத்துக்கொள்ளும். சில மாடல்கள் பெயருக்குப் பின்னால் _EXT என்று சேர்த்துக்கொள்ளும். அப்படியானால் போன் அதைத் தனி நெட்வொர்க்காகத்தான் பார்க்கும், அங்கேயும் ஒருமுறை பாஸ்வேர்டு கொடுக்க வேண்டியிருக்கும். எக்ஸ்டெண்டரைச் சரிசெய்யும் வரை போனில் Forget-ஐத் தொடாதீர்கள். அது முடிந்தபின் ஒரே ஒரு தடவை மறந்து சேர்ந்தால் போதும்.