‘நானா’, ‘நாங்களா’: தனி ஆளின் தொழில் பதிவில் எது பொருந்தும்?

கேள்வி: வண்ணாரப்பேட்டையில் வீட்டு மாடியில் தனியாக பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். விளம்பரப் பதிவு முழுக்க ‘நாங்கள்’ என்று எழுதியிருக்கிறேன். ‘நான்’ என்று மாற்றலாமா? எப்படி?

பதில்: மாற்றுங்கள். தண்டையார்பேட்டையில் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் வாசகம் எழுதித் தருவது என் வேலை. ‘எங்கள் தையல் குழு’ என்று படித்துவிட்டு வருகிறவர், “நீங்கள் வேலையாக இருந்தால் வேறு ஆளை விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், நாளைக்கே வேண்டும்” என்பார். அவர்மேல் குற்றமில்லை, ஆள் இருப்பதாகச் சொன்னது பதிவுதான்.

‘நாங்கள்’ வரும் இடத்திலெல்லாம் ‘நான்’ போட்டால் மட்டும் போதாது. தமிழில் ஆள் வினைமுற்றிலும் இருக்கிறார். ‘நான் தைக்கிறோம்’ என்று நின்றால் சிரிப்பார்கள். எனவே ‘றோம்’, ‘வோம்’, ‘தோம்’ என்று முடிகிற சொற்களையும், ‘எங்களிடம்’, ‘எங்களை’ போன்றவற்றையும் தேடித் திருத்துங்கள். வினையே ஆளைச் சொல்லிவிடுவதால் வரிக்கு வரி ‘நான்’ வேண்டாம். அப்படி எழுதினால் தற்பெருமை போலத் தொனிக்கும். ‘தைத்துத் தரப்படும்’ என்பது அறிவிப்புப் பலகை நடை. யார் தைக்கிறார் என்பதை மறைத்துவிடும். அதையும் ‘தைத்துத் தருகிறேன்’ என்றாக்குங்கள்.

ஆனால் ‘எங்கள் வீட்டு மாடி’, ‘எங்கள் தெரு’ இரண்டையும் தொடாதீர்கள். தனி ஆளும் அப்படித்தான் சொல்வார். ‘என் வீட்டு மாடி’ என்றால் வீட்டில் வேறு யாருக்கும் பங்கில்லை என்பது போல ஒலிக்கும்.

உதாரணமாக, பழைய பதிவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“நாங்கள் பிளவுஸ் தைக்கிறோம். எங்களிடம் அனுபவமிக்க தையல் குழு உள்ளது. ஆரி வேலையும் செய்து தரப்படும். தீபாவளி ஆர்டர்கள் வரவேற்கப்படுகின்றன.”

நான் எழுதினால்:

“எங்கள் வீட்டு மாடியில் பிளவுஸ் தைக்கிறேன். அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது மூன்றும் நானே. ஆரி வேலையை மட்டும் வெளியே கொடுத்து வாங்கித் தருகிறேன். அதற்குக் கூடுதல் நாள் ஆகும். தீபாவளிக்குக் கை நிறைந்ததும் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவேன்.”

குழு என்ற வரிக்கு ‘நான்’ வடிவமே கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? பன்மையை ஒருமையாக்கும்போது திருத்த முடியாமல் முரண்டு பிடிக்கிற வரி, பெரும்பாலும் இல்லாததைச் சொல்கிற வரி. அதை எடுத்துவிட்டு, உண்மையில் என்ன நடக்கிறதோ அதை எழுதுங்கள். இங்கே அந்த இடத்துக்கு வந்ததுதான் ‘மூன்றும் நானே’. அளவெடுத்தவரே வெட்டித் தைக்கிறார் என்பது பிளவுஸ் தைக்கக் கொடுப்பவருக்கு நல்ல செய்தி.

ஆரி வேலை வெளியே போவதால் ‘நாங்கள்’ ஆகிவிடாது. அதைச் செய்து தருபவர் உங்கள் வாடிக்கையாளரிடம் பேசுவதில்லை, கெடு தவறினாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். கொக்கி வைக்கவும் ஹெம்மிங் செய்யவும் ஒருவர் தினமும் மாடிக்கு வந்து உட்கார்ந்தால், அன்று அந்த வேலைகளுக்கு மட்டும் ‘செய்கிறோம்’ என்று எழுதுங்கள். அளவும் வெட்டும் உங்கள் கையில் இருக்கும்வரை அங்கே ‘நான்’ நிற்கட்டும். ஒரே பதிவில் இரண்டும் வரலாம். எந்த வேலை யாருடையது என்று தெரிந்தால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

வாட்ஸப்பில் தானாகப் போகிற பதிலையும் பாருங்கள். பதிவைத் திருத்திய பலர், “எங்கள் பிரதிநிதி விரைவில் உங்களைத் தொடர்புகொள்வார்” என்பதை அங்கே அப்படியே விட்டுவிடுகிறார்கள். “தைத்துக்கொண்டிருக்கிறேன், மாலையில் அழைக்கிறேன்” என்று மாற்றிவிடுங்கள்.