முடித்தவை பட்டியல்: சனிக்கிழமைக் கணக்கு

கேள்வி: வாரம் பூரா ஓடினாலும் லிஸ்ட் குறையவே மாட்டேங்குது. ‘முடித்தவை பட்டியல்’னு சொல்றாங்களே, அது என்ன?

வாரம் ஒருமுறை, முடிந்த வேலைகளை மட்டும் எழுதிப் பார்ப்பதுதான் அது. செய்ய வேண்டியவை பட்டியலில் ஒரு குறை உண்டு: முடிந்ததை அடித்துவிடுவோம், அந்த இடத்தில் புதியது ஏறிவிடும்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மாமாவின் நோட்டில் திங்களன்று 9 வேலை. சனிக்கிழமையும் 9. “ஒண்ணுமே நடக்கல” என்று அலுத்துக்கொண்டார். பில் புக்கையும் போனில் கால் லிஸ்ட்டையும் புரட்டியபோது, 7 முடிந்து 7 புதிதாகச் சேர்ந்திருந்தது தெரிந்தது.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் பலகை உண்டு. உச்சி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ‘12’ஐப் பார்த்ததும் எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்று புரியும். இந்தப் பட்டியல் அந்தப் பலகைதான்.

சனி மாலை கால் மணி நேரம் போதும். நினைவை மட்டும் நம்பி எழுதினால் பாதி விட்டுப்போகும். பில், மெசேஜ், காலண்டரைப் பார்த்து எழுதுங்கள். ‘ஆர்டர் வேலை பார்த்தேன்’ என்ற வரி உதவாது. ‘40 ஜோடி மெருகு போட்டுக் கடைக்கு அனுப்பியாச்சு’ என்று அளவோடு இருக்கட்டும். அப்படி எழுத முடியாத வேலை இன்னும் முடியவில்லை. அதன் அடுத்த சிறு படியை மட்டும் வரும் வாரத்துக்கு மாற்றுங்கள். (மாமா இன்னும் இதில் ஏமாற்றுவார்.)

பலர் நினைப்பதுபோல இது பழைய பட்டியலுக்கு மாற்று அல்ல. அது அதன் இடத்தில் இருக்கும், இது பக்கத்துத் தாளில்.