திறப்பு நாள் வரை முகவரிகளைப் பத்திரப்படுத்துவது எப்படி?

எங்கள் இணையதளம் தயாராக இன்னும் மூன்று மாதம் ஆகும். அதுவரை ‘விரைவில் வருகிறது’ என்ற ஒரு பக்கத்தை வைத்து மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்து வருகிறோம். திறக்கும் நாளில் எல்லோருக்கும் ஒரே மடலை அனுப்பினால் போதுமா? இந்தப் பக்கத்தைத் தேடுபொறியில் காட்டலாமா?

போதாது. முகவரி கிடைத்த அந்த நிமிடமே முதல் மடல் போக வேண்டும். அதில் ஓர் உறுதிப்படுத்தும் இணைப்பு இருக்கட்டும். அதை அழுத்தியவரை மட்டும் பட்டியலில் சேருங்கள். எழுத்துப் பிழையுள்ள முகவரிகளும், தானியங்கி நிரல்கள் படிவத்தில் இட்டுச் செல்லும் பிறருடைய முகவரிகளும் இந்த வாசலிலேயே நின்றுவிடும். எண்ணிக்கை குறைகிறதே என்று இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் பலர். அந்தக் கணக்கு திறப்பு நாளில்தான் தப்பாகும்.

எடுத்துக்காட்டாக, 600 ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் மடல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும்படி கூகுள் அனுப்புநர்களிடம் கேட்கிறது. மூன்று மாதத்துக்கு முன் முகவரி கொடுத்ததையே மறந்துபோன இரண்டு பேர் ஸ்பேம் பொத்தானை அழுத்தினாலே அந்த எல்லை கடந்துவிடும். உங்கள் டொமைனோ புதியது. அதிலிருந்து இதுவரை எந்த மடலும் போனதில்லை. அப்படியிருக்க ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் அனுப்பினால் சந்தேகம் எழுவது இயல்பு. ஆகவே மாதம் ஒரு முறையாவது, பணி எந்த அளவில் இருக்கிறது என்று சுருக்கமாக எழுதுங்கள். திறப்பு மடலையும் முதல் நாள் 50, மறுநாள் 150, அதற்கடுத்த நாள் மீதி எனப் பிரித்து அனுப்பலாம். முதல் தொகுதியிலேயே மடல்கள் கணிசமாகத் திரும்பி வந்தால், அனுப்புவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைப் பாருங்கள். பெரும்பாலும் டொமைனின் டி.என்.எஸ். பதிவில், மடல் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். ஆகியவை இல்லாமலோ பிழையாகவோ இருக்கும். முதல் உறுதிப்படுத்தும் மடலுக்கு முன்பே இவற்றைச் சரிசெய்திருக்க வேண்டும்.

தேடுபொறியில் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் பக்கம் சரியாகக் கிடைக்கிறது என்று சொல்லும் 200 என்ற நிலைக் குறியீட்டைத் தர வேண்டும். ‘பராமரிப்பு’ வசதிகள் சில 503 குறியீட்டை அனுப்புகின்றன. அது சில மணி நேரத் தடங்கலுக்கு உரியது. மாதக்கணக்கில் நீடித்தால் அந்தப் பக்கத்தைக் கூகுள் தன் அட்டவணையிலிருந்து நீக்கிவிடக்கூடும். எது வருகிறது என்பதை இந்தக் கட்டளை தரும் விடையின் முதல் வரியில் காணலாம் (டொமைன் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்):

```
curl -I https://example.com/
```

கட்டப்பட்டுவரும் உண்மையான தளத்தை முகப்பிலிருந்து பிரித்து, கடவுச்சொல்லால் பூட்டிய தனித் துணை டொமைனில் வையுங்கள். அங்கே, பக்கத்தைத் தேடலில் காட்ட வேண்டாம் என்று தேடுபொறியிடம் சொல்லும் `noindex` குறிச்சொல்லும் இட்டிருந்தால், தளத்தை முதன்மை டொமைனுக்கு மாற்றும் நாளில் அதை நீக்கிவிட்டீர்களா என்று பக்கத்தின் மூல நிரலைத் திறந்தே பாருங்கள். இந்த ஒரு வரியை மறந்துவிட்டு, புதிய தளம் தேடலில் ஏன் வரவில்லை என்று வாரக்கணக்கில் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.