வெட்டிய முடி ஒரு பக்கம் மட்டும் ஏன் தூக்கி நிற்கிறது?

அண்ணா, கடையில் பார்த்தால் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. பத்து நாளில் வலது பக்கம் மட்டும் புதர் மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் முடி வேகமாக வளருமா? (வேலந்தாவளம்)

பெரும்பாலும் இல்லை. தலைமுடி மாதம் ஏறக்குறைய 1 செ.மீ. வளரும், இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே வேகம்தான். ஒரே உயரத்தில் இரு பக்கமும் கொஞ்சம் முடியை இரு விரல்களுக்கு நடுவே நேராக இழுத்துப் பாருங்கள். நீளம் ஒன்றாக இருந்தால் காரணம் வளர்ச்சி அல்ல, முடி படியும் திசை.

பொள்ளாச்சிக்குத் தினமும் வண்டி ஓட்டும் ஒருவர் கொழிஞ்சாம்பாறையில் என் கடைக்கு இதே குறையோடு வந்தார். முன்பு வெட்டியவர் இடது பக்கம் 3-ஆம் நம்பர், வலது பக்கம் 2-ஆம் நம்பர் மெஷின் போட்டிருந்தார். அதாவது முடி இடது பக்கம் சுமார் 10 மி.மீ., வலது பக்கம் 6 மி.மீ. நிற்கும். அந்த வித்தியாசத்தில் வலது பக்கம் தோல் வெளுத்துத் தெரிந்தது. உச்சியைப் பார்த்தேன், வலஞ்சுழி. இடப்பக்க முடி முன்னோக்கிப் படிகிறது, வலப்பக்கம் பின்னோக்கித் திரும்புகிறது. அவரோ எல்லாவற்றையும் முன்னால் சீவுகிறார். வலது பக்கம் எதிர்த்துத் தூக்கத்தானே செய்யும்!

இரண்டு பக்கமும் 3-ஆம் நம்பரே போட்டேன். முடி நன்றாகக் காய்ந்த பிறகு, வலது பக்கம் புடைத்த இடத்தில் மட்டும் சீப்பை வைத்துக் கத்தரியால் 2 மி.மீ. அளவுக்கு நுனியைத் தட்டினேன். ஈரத்தில் முடி படுத்துக்கிடக்கும், அப்போது புடைப்பு கண்ணில் படாது.

வெட்டிவிட்டுக் கடைசியாகப் பார்க்கும்போது வாடிக்கையாளரைக் கால்மேல் கால் போடாமல் உட்காரச் சொல்லுங்கள். கால் போட்டால் தோள் சாயும், தலையும் கூடச் சாயும். நேர் பின்னால் நின்று கண்ணாடியில் முடியைப் பார்க்காமல் தலையின் வெளிக்கோட்டைப் பாருங்கள். கண்ணைப் பாதி மூடினால் நிழல் மட்டும் நிற்கும், எந்தப் பக்கம் தடித்திருக்கிறது என்று உடனே தெரியும்.

கிருதா எப்போதும் ஏறி இறங்கி வருகிறது. காதை வைத்துத்தான் அளக்கிறேன். (சித்தூர், பாலக்காடு)

அதுதான் தவறு. பலருக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்காது. முன்னால் நின்று, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கிருதாவின் அடியில் வைத்து, கண்ணின் வெளிமுனையிலிருந்து எவ்வளவு கீழே வருகிறது என்று ஒப்பிடுங்கள். நீளமாக இருப்பதை மட்டும் குறைக்கவும். மாறி மாறி எடுத்தால் இரண்டும் காதுக்கு மேலே போய்விடும்.

என் மகனுக்கு ஒரு பக்கம் காசு அளவு வட்டமாக முடியே வளரவில்லை. மொட்டை அடித்தால் சமமாகிவிடுமா? (கோவிந்தாபுரம்)

ஆகாது. அது புழுவெட்டாக இருக்கலாம். செதில், அரிப்பு இருந்தால் படர்தாமரையாகவும் இருக்கலாம், அது மற்றவர்களுக்கும் ஒட்டும். முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை மெஷின் வேண்டாம், மேலே உள்ள முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டு மூடிக்கொள்ளலாம்.